தாங்கி வற்றாத படக்காட்சி

இரவு உணவு முடிந்து, குடும்பத்தார் அனைவரும் கூடி இணையவழியே ஒரு திரைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், கதையின் முக்கியமான கட்டத்தில் படம் திடீரென நின்று, திரையின் நடுவே ஒரு சிறு வட்டம் சுழலத் தொடங்குகிறது. இந்த அனுபவம் இல்லாத வீடு அருமை. இது குறித்து மாணவ நேயர் ஒருவர் எழுதியுள்ள கடிதத்தில், தம் தந்தையார் கூடுதல் வேகமுள்ள இணைப்புக்கு மாறிவிட எண்ணுவதாகவும், அதனால் மாதக் கட்டணம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்றும், தமையனாரோ அது வீண் செலவு என்று வாதிடுவதாகவும் குறிப்பிட்டு, இருவரில் எவர் சொல்வது சரி எனக் கேட்டிருக்கிறார். படம் எங்கிருந்து, எவ்விதம் புறப்பட்டு, எந்தெந்த இடத்தில் தங்கி நம் வீட்டுக்கு வருகிறது என்பதை அறியாமல் இவ்வழக்குக்குத் தீர்ப்புக் கூற இயலாது. உதாரணமாக நெட்பிளிக்ஸ் நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். 2007ஆம் ஆண்டில் இணையவழிப் படக்காட்சியைத் தொடங்கிய இந்நிறுவனம், 2016 ஜனவரியில் இலங்கை உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குத் தன் சேவையை ஒரே நாளில் விரித்தது. தன் வேலை நடைபெறும் முறையைப் பற்றி அது ஓரளவு வெளிப்படையாகவே எழுதியும் வந்திருக்கிறது.

முதலில் படத்தின் பருமனைப் பார்ப்போம். திரையில் ஓடுவது ஒன்றன்பின் ஒன்றாக வரும் நிலைப்படங்களேயன்றி வேறில்லை. விநாடிக்கு 24 படங்கள். ஒவ்வொன்றும் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்டது. இவற்றை உள்ளவாறே அனுப்புவதாயின், புள்ளியொன்றுக்குச் சராசரி ஒன்றரை பைட் என்று வைத்தாலும், விநாடிக்கு ஏறத்தாழ 600 மெகாபிட் செல்லவேண்டும். இரண்டு மணி நேரப் படம் 500 ஜிகாபைட்டையும் தாண்டிவிடும். இத்தனை நீரை நம் வீட்டுக் குழாய் தாங்காது.

ஆதலின் படம் புறப்படுவதற்கு முன்னரே சுருக்கப்படுகிறது. இதனைக் குறியாக்கம் என்பர். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 24இல் ஒரு விநாடிதான் கழிகிறது. அதற்குள் சுவரும் கதவும் மாறிவிடுவதில்லை. பேசுபவரின் உதடும் கண்ணும் சற்றே அசைகின்றன. எனவே முதலில் ஒரு முழுப்படத்தை அனுப்பிவிட்டு, பின்னர் வருபவற்றுக்கு, முன்னதிலிருந்து என்ன மாறிற்று என்பதை மட்டும் எழுதியனுப்பினால் போதும். இதனோடு, மனிதக் கண் எளிதில் காணாத நுணுக்கங்களையும் கழித்துவிட்டால், 600 மெகாபிட் ஐந்து அல்லது ஆறு மெகாபிட்டாக ஒடுங்கிவிடும். அரைத்த மாவில் அரிசியைத் தேட முடியாததுபோல, கழிந்த நுணுக்கத்தை மீட்க முடியாதுதான். ஆயினும் தவறியதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

ஆனால் எல்லார் வீட்டிலும் ஆறு மெகாபிட் இணைப்பு இருக்கிறதா? இல்லை. எனவே ஒரே படத்தைப் பல தரங்களில் சுருக்கி வைக்கிறார்கள். நெட்பிளிக்ஸ் முன்னர் வைத்திருந்த தர வரிசை, மிகச் சிறிய படத்துக்கு விநாடிக்கு 235 கிலோபிட்டில் தொடங்கி, 560, 1050, 1750, 3000 எனப் பல படிகள் ஏறி, 5800 கிலோபிட்டில் முடிவடைந்தது. எல்லாப் படங்களுக்கும் ஒரே ஏணி என்பதில் ஒரு குறை இருந்தது. தட்டையான வர்ணங்களைக் கொண்ட சித்திரப் படம் ஒன்றுக்கு 5800 கிலோபிட் வெறும் விரயம். புகையும் மழையும் சண்டையுமாக உள்ள படத்துக்கோ அதுவும் போதாது. 2015 டிசம்பரில், ஒவ்வொரு படத்துக்கும் அதனதன் இயல்புக்கேற்பத் தனி ஏணி அமைக்கும் முறையை அந்நிறுவனம் அறிவித்தது. இது எவருக்கும் உடனே தோன்றியிருக்க வேண்டிய யோசனை என்றே எனக்குப் படுகிறது. ஆயினும் சேவை தொடங்கி எட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே அஃது அறிவிக்கப்பட்டது.

அடுத்து, சுருக்கிய படத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுகிறார்கள். நம் கணக்குக்காக, துண்டொன்று நான்கு விநாடி நேரம் ஓடக்கூடியது என்று கொள்வோம். எல்லாத் தரங்களிலும் துண்டுகள் ஒரே கணத்தில் வெட்டப்பட்டிருத்தல் வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஒரு முழுப்படத்துடன் தொடங்கவும் வேண்டும். அப்பொழுதுதான் ஐம்பதாவது துண்டை உயர்ந்த தரத்திலும் ஐம்பத்தோராவது துண்டைத் தாழ்ந்த தரத்திலும் எடுத்துத் தையல் தெரியாமல் இணைக்க முடியும். துண்டைச் சிறிதாக்கினால் தரத்தை விரைவில் மாற்றலாம். ஆனால் முழுப்படங்கள் அதிகமாகிச் சுமை கூடும். பெரிதாக்கினால் சுமை குறையும்; மாற்றம் தாமதிக்கும்.

இனி வீட்டுக்கு வருவோம். எந்தத் துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவு செய்வது தூரத்திலுள்ள நிலையம் அன்று. நம் தொலைக்காட்சியிலோ கைத்தொலைபேசியிலோ இருக்கும் பிளேயர் எனப்படும் மென்பொருளே அதனைத் தீர்மானிக்கிறது. நிலையம் கேட்டதைக் கொடுக்கும், அவ்வளவே. பிளேயரிடம் ஒரு தாங்கி உண்டு. நகரசபைக் குழாயில் நீர் வரும் நேரத்தில் கூரைமேலுள்ள தாங்கியை நிரப்பி வைத்து, நீர் நின்றபோது அதிலிருந்து எடுப்பது போல, பிளேயரும் துண்டுகளை முன்கூட்டியே வாங்கி நிரப்பி வைக்கிறது. தாங்கியிலிருப்பதை லீற்றரில் அளப்பதில்லை. எத்தனை விநாடி ஓடக்கூடிய படம் இருக்கிறது என்று அளப்பார்கள்.

ஒரு மாலை நேரத்தைக் கற்பனை செய்வோம். இணைப்பு விநாடிக்கு 6 மெகாபிட் தருகிறது. பிளேயர் 3000 கிலோபிட் தரத்தைக் கேட்கிறது. நான்கு விநாடித் துண்டொன்று 12 மெகாபிட். அது வந்து சேர இரண்டு விநாடியாகும். இரண்டு விநாடி செலவழித்து நான்கு விநாடிப் படம் வாங்குவதால், துண்டுக்கு இரண்டு விநாடி மிச்சம். பத்துத் துண்டுகள் வந்ததும் தாங்கியில் ஏறத்தாழ 20 விநாடி சேர்ந்திருக்கும். அந்நேரம் பார்த்து அடுத்த அறையில் தம்பி ஏதோ பெரிய கோப்பை இறக்கத் தொடங்க, படத்துக்கு 2 மெகாபிட்டே மிஞ்சுகிறது. இப்பொழுது அதே துண்டு வர ஆறு விநாடியாகும். ஓடுவதோ நான்கு விநாடி. துண்டுக்கு இரண்டு விநாடி நட்டம். பத்துத் துண்டுகளில், அதாவது ஒரு நிமிடத்தில், தாங்கி வற்றிப் படம் நின்றுவிடும். அதற்குள் பிளேயர் விழித்துக்கொண்டு 1750 கிலோபிட் தரத்துக்கு இறங்கினால், துண்டு 7 மெகாபிட்டாகி மூன்றரை விநாடியில் வந்துவிடும். தாங்கி மெல்ல ஏறத் தொடங்கும். படம் சற்று மங்கலாகும், ஆனால் நிற்காது.

ஒருவேளை இணைப்பு 2 மெகாபிட்டுக்கு அல்லாமல் அரை மெகாபிட்டுக்கு விழுந்தால்? வந்துகொண்டிருக்கும் துண்டு முடிய 24 விநாடியாகும். தாங்கியிலோ 20 விநாடிதான். அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் கேட்பது காலங்கடந்த யோசனையாகிவிடும். பாதியில் வந்ததை எறிந்துவிட்டுத் தாழ்ந்த தரத்தில் மீண்டும் கேட்பதே அப்போதைக்கு வழி.

துண்டுகள் எங்கிருந்து வருகின்றன என்பது அடுத்த விஷயம். கொழும்பிலிருந்து கலிபோர்னியா பதினாலாயிரம் கிலோமீற்றருக்கும் அதிக தூரம். கண்ணாடி நாரினுள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீற்றர் செல்லும். எனவே நேர்கோட்டில் போய்த் திரும்பினாலும் ஏழில் ஒரு விநாடியாகும். கடலடிக் கம்பிகளின் வளைவுகளைச் சேர்த்தால் ஐந்தில் ஒரு விநாடி எனக் கொள்ளலாம். இஃது அற்பமாகத் தோன்றும். ஆனால் இணையத்தில் பொருளைச் சுமக்கும் டி.சி.பி. என்னும் ஒழுங்குமுறை, முதலில் பத்துச் சிறு பொதிகளை மட்டும் அனுப்பிவிட்டு, சேர்ந்தன என்ற மறுமொழி வந்த பிறகே இருபது, பின்னர் நாற்பது என்று இரட்டிப்பாக்கிக்கொண்டு போகும் எச்சரிக்கையுள்ள வண்டிக்காரன். நமது 12 மெகாபிட் துண்டைச் சேர்க்க இவ்வகையில் ஏழு தடவை போய்வர வேண்டும். தூர நிலையமாயின் இதற்கு மட்டும் ஒன்றரை விநாடி அளவு கழிந்துவிடும்; அயலில் உள்ள நிலையமாயின் பத்தில் ஒரு விநாடிகூட ஆகாது.

ஆகவே படங்களை அயலில் கொண்டுவந்து வைப்பதே நல்லது. 2012இல் நெட்பிளிக்ஸ் அறிவித்த ஓப்பன் கனெக்ட் என்னும் ஏற்பாடு இதற்காகவே. வட்டுகள் நிறைந்த வழங்கிப் பெட்டிகளை, இணையச் சேவை நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே, தகுதியுள்ளவற்றுக்கு விலையின்றிக் கொடுத்து வைக்கிறார்கள். நாளை எவ்வூரில் எந்தப் படம் அதிகம் பார்க்கப்படும் என்று கணித்து, மக்கள் உறங்கும் நேரத்தில், இணையப் பாதைகள் வெறிச்சோடிக் கிடக்கையில், அப்பெட்டிகளை நிரப்புகிறார்கள். சந்தை கூடுமுன் விடியற்காலையிலேயே லொறிகள் வந்து சரக்கை இறக்கிவிட்டுப் போவதைப் போன்றது இது. நாம் படத்தைத் தெரிவு செய்ததும், அமேசான் நிறுவனத்திடம் வாடகைக்குப் பெற்ற கணினிகளில் இயங்கும் தலைமை அலுவலகம், நமக்கு அண்மையிலுள்ள சில பெட்டிகளின் முகவரிகளைப் பிளேயரிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது. முதற்பெட்டி பழுதானால் பிளேயர் இரண்டாவதை நாடும். மாறும் அந்த இடைவெளியை நிரப்புவது தாங்கியில் உள்ள படமே. ஆகையால் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் பிளேயர் தவறாகத் தீர்மானிப்பதுண்டு. இதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இணைப்பின்மீது சுமத்தப்படும் பழி சில சமயங்களில் பிளேயரைச் சேர வேண்டியதாகும். 2012இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டே-யுவான் ஹுவாங் முதலிய ஆய்வாளர்கள், புகழ்பெற்ற மூன்று படச் சேவைகளை எடுத்து, ஒரே இணைப்பில் படத்தையும் வேறொரு பெரிய கோப்பையும் ஒருங்கே ஓடவிட்டுப் பார்த்தார்கள். இணைப்பில் பாதி படத்துக்கு உரியது. ஆனால் பிளேயர்களோ அப்பாதிக்கும் மிகத் தாழ்ந்த தரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தாங்கி வற்றவில்லை, இணைப்பும் கெடவில்லை, படம் மட்டும் மங்கிக் கிடந்தது.

காரணம் வேடிக்கையானது. தாங்கி நிறைந்துவிட்டால் பிளேயருக்கு அவசரம் இல்லை. நான்கு விநாடிக்கு ஒரு துண்டை வாங்கிவிட்டு, மிகுதி நேரம் சும்மா இருக்கும். அந்த ஓய்வில் டி.சி.பி. வண்டிக்காரன் தன் வேகத்தை மறந்து, அடுத்த துண்டுக்கு மீண்டும் பத்துப் பொதியிலிருந்து தொடங்குகிறான். ஓய்வெடுக்காத மற்றக் கோப்போ அதற்குள் பாதை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். படத்துண்டு தன் பங்கை மீட்டுக்கொள்ளுமுன் துண்டே முடிந்துவிடுகிறது. பிளேயர் அளந்து பார்த்து, "இணைப்பு மெலிந்துவிட்டது" என்று எண்ணித் தரத்தைக் குறைக்கிறது. தரம் குறையவே துண்டு சிறிதாகிறது. சிறிய துண்டு இன்னும் சீக்கிரம் முடிவதால், வேகம் ஏறுவதற்கு இன்னும் குறைந்த அவகாசமே கிடைக்கிறது. அளவு மேலும் குறைவாகத் தெரிகிறது. தரம் மேலும் இறங்குகிறது. கிணற்றுப் படியில் வழுக்கியவர் போலப் பிளேயர் படிப்படியாகக் கீழே போகிறது.

அதே ஆய்வாளர்கள் நெட்பிளிக்ஸ் நிறுவனத்தாருடன் சேர்ந்து 2014இல் வெளியிட்ட பரிகாரம் மிக எளிது. ஓடும் நேரத்தில் வேகத்தை அளப்பதையே விட்டுவிட்டு, தாங்கியின் மட்டத்தை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். மட்டம் அடியில் இருந்தால் மிகத் தாழ்ந்த தரத்தைக் கேள். மேலேறுகையில் தரத்தையும் ஏற்று. நிறைந்துவிட்டால் மிக உயர்ந்ததைக் கேள். நிறைந்த தாங்கியுடன் உயர்ந்த தரத்தைக் கேட்கும்போது துண்டுகள் பெரிதாகி, பிளேயர் ஓயாமல் இழுத்துக்கொண்டேயிருக்கும். தன் நியாயமான பங்கையும் பெற்றுவிடும். இணைப்பு உண்மையாகவே மெலிந்தால் மட்டம் தானாக இறங்கி, தரமும் தானாகக் குறையும். படம் தொடங்கும் வேளையில் மட்டும் தாங்கி வெறுமையாக இருப்பதால் அது ஒன்றும் சொல்லாது. அப்பொழுது வேக மதிப்பீடு வேண்டியதே. பல லட்சம் உண்மையான பார்வையாளர்களிடம் சோதித்தபோது, முன்னைய முறையைக் காட்டிலும் படம் நடுவில் நிற்பது 10 முதல் 20 வீதம் குறைந்தது. படத்தின் சராசரித் தரம் ஏறக்குறைய மாறவில்லை.

இனிக் கடிதம் எழுதிய மாணவர், கட்டணத்தைக் கூட்டுமுன், தாமே ஒரு சோதனை செய்யலாம். கணினியில் யூடியூப் படமொன்றை ஓடவிட்டு, அதன்மேல் எலியின் வலப் பொத்தானை அழுத்தினால், `Stats for nerds` என்றொரு தெரிவு தோன்றும். அதைத் தொட்டால் திரையின் மூலையில் `Buffer Health` என்ற வரி காணப்படும். தாங்கியில் எத்தனை விநாடி இருக்கிறது என்பதே அந்த எண். படம் வழக்கமாக நிற்கும் இரவு வேளையில் அதனைப் பத்து நிமிடம் அவதானிக்க வேண்டும். தாழ்ந்த தரத்தில் ஓடியும் அந்த எண் சிறிது சிறிதாக இறங்கிப் பூச்சியத்தை அடைந்தால், படம் வரும் பாதையில் எங்கோ குறை உண்டு. எண் தாராளமாக நின்றும் படம் மங்கலாக இருந்தால், பிளேயரின் தீர்மானத்திலோ, தரவைச் சிக்கனப்படுத்துமாறு எவரோ செய்துவைத்த அமைப்பிலோ காரணத்தைத் தேட வேண்டும். அதற்காக இணைப்பை மாற்றுவது, தாங்கியின் அடைப்பானைத் திறவாமல் புதிய கிணறு வெட்டுவது போன்றதாகும்.

பாதையில் குறை என்று தெரிந்தாலும் உடனே பணம் கட்டவேண்டியதில்லை. கணினியை இணையப் பெட்டியுடன் கம்பியால் தொடுத்துப் பார்க்க வேண்டும். அப்பொழுது எண் இறங்காவிட்டால், குறை வீட்டுச் சுவர்களுக்குள் கம்பியில்லாமல் வரும் அலையில்தான் இருக்கிறது. பெட்டியை இடம் மாற்றினாலே போதும். கம்பி தொடுத்தும் இறங்கினால், நெட்பிளிக்ஸ் 2016இல் தொடங்கிய `fast.com` என்ற தளத்தில் வேகத்தை அளந்து பார்க்கலாம். இது அந்நிறுவனத்தின் சொந்தப் படப் பெட்டிகளிலிருந்தே வேகத்தை அளக்கிறது. வேறொரு சாதாரண வேகச் சோதனை 20 மெகாபிட் காட்ட, இது மட்டும் இரவில் 2 மெகாபிட் காட்டினால், இணையச் சேவை நிறுவனத்துக்கும் படப் பெட்டிக்கும் இடையேயுள்ள பாதையில் நெரிசல் என்று கொள்ள இடமுண்டு. நம் வாசற்குழாயைப் பெரிதாக்கி அதனை நீக்க முடியாது, முறைப்பாடு செய்யலாம். இரண்டு சோதனைகளும், கம்பி தொடுத்த நிலையிலும், குறைந்த எண்ணையே காட்டினால் மட்டுமே தந்தையார் பக்கம் நியாயம் உண்டு. அப்பொழுதும், தம்பியின் கோப்பு அந்நேரம் இறங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதை நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் ஏற்கெனவே எடுத்து முடித்த படங்களுக்கே பொருந்தும். நேரடியாக ஒளிபரப்பாகும் கிரிக்கெற் போட்டிக்கு இந்த ஏற்பாட்டில் பாதி கைகொடாது. இன்னும் வீசப்படாத பந்தை முந்திய இரவே எந்தப் பெட்டியிலும் இறக்கி வைக்க முடியாதன்றோ! நான்கு விநாடி ஆட்டம் நடந்து முடிந்த பின்னரே முதல் துண்டு பிறக்கும். பின்னர் அதனைச் சுருக்கவும் அனுப்பவும் வேண்டும். பிளேயர் மூன்று துண்டுகளையாவது சேர்த்து வைத்துக்கொள்ளும். இவ்வாறு 15, 20 விநாடி பின்தங்கிவிடுவது சாதாரணம். தாங்கியைப் பெரிதாக்கினால் நிற்காது; ஆனால் இன்னும் பின்தங்கும். சிறிதாக்கினால் ஆட்டத்தை நெருங்கலாம். சிறு தடங்கலுக்கும் நின்றுவிடும். 2023 நவம்பர் 19இல் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதிப் போட்டியின்போது, இந்தியாவில் ஹொட்ஸ்டார் சேவையில் ஒரே வேளையில் ஐந்து கோடியே தொண்ணூறு லட்சம் பார்வையாளர்கள் இருந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. அத்தனை பேரும் அதே துண்டை ஏறக்குறைய அதே கணத்தில் கேட்பார்கள். அடுத்த வீட்டில் அன்ரெனா வழியே தொலைக்காட்சி பார்ப்பவர் விக்கெற் விழுந்ததென்று ஆரவாரிக்கையில், நம் திரையில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடிவரத் தொடங்கியிருக்க மாட்டார்.